விலகிய இயக்குநரும் விலகாத ஜாமீனும்: நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம்

கேள்வி: "நானும் நண்பரும் சேர்ந்து ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம் நடத்தினோம். வங்கியில் ஓவர்டிராஃப்ட் வாங்கியபோது இருவரும் பெர்சனல் கேரண்டி கொடுத்தோம். பிறகு என் பங்குகளை அவருக்கே விற்றுவிட்டு இயக்குநர் பதவியிலிருந்தும் விலகிவிட்டேன். இப்போது நிறுவனம் நொடித்துவிட்டது. வங்கி முழுத் தொகையையும் என்னிடம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. லிமிடெட் கம்பெனியின் கடன் கம்பெனியோடு போகாதா? விலகிய பிறகு நான் எப்படிப் பொறுப்பாவேன்?"

நிறுவனத்தின் கடன் நிறுவனத்தோடுதான் இருக்கிறது. வங்கி இப்போது உங்களிடம் கேட்பது நிறுவனத்தின் கடனை அல்ல, நீங்கள் உங்கள் பெயரில் வங்கிக்குக் கொடுத்த வாக்கை. பதவி விலகலும் பங்கு விற்பனையும் உங்களுக்கும் நிறுவனத்துக்கும், உங்களுக்கும் நண்பருக்கும் இடையே நடந்தவை. வங்கி அவற்றில் ஒரு தரப்பு அல்ல. அதனால் அந்த வாக்கு தானாக முடிவுக்கு வந்துவிடவில்லை. அதற்காக வங்கி கேட்கும் தொகை முழுவதையும் நீங்கள் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் பொருளில்லை. எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது, நீங்கள் கையெழுத்திட்ட உத்தரவாதப் பத்திரத்தின் வாசகத்தையும், விலகிய சமயத்தில் வங்கிக்கு எழுத்துமூலம் ஏதாவது தெரிவித்தீர்களா என்பதையும் பொறுத்தது. கீழே எழுதுவது ஆங்கிலேயப் பொதுச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளுக்குப் பொதுவாகப் பொருந்தும். நாட்டுக்கு நாடு மாறும் முக்கியமான இடங்களை மட்டும் ஆங்காங்கே குறிப்பிடுகிறேன்.

முதலில், லிமிடெட் என்ற சொல் உங்களுக்கு எந்த இடத்தில் பாதுகாப்புத் தருகிறது என்பதைப் பார்த்துவிடலாம். 1896ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை சாலமன் வழக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியது. தோல் காலணித் தொழில் செய்துவந்த ஒருவர் தன் தொழிலை ஒரு நிறுவனமாக மாற்றினார். ஏறத்தாழ எல்லாப் பங்குகளும் அவரிடமே இருந்தன. நிறுவனம் நொடித்தபோது, கடன் கொடுத்தவர்கள் அந்த மனிதரையே பொறுப்பாக்க வேண்டும் என்று கேட்டார்கள். சட்டப்படி உருவான நிறுவனம் அதன் பங்குதாரரிலிருந்து வேறுபட்ட தனி நபர், அதன் கடன் அதனுடையது என்று சபை முடிவு செய்தது. நிறுவனச் சட்டம் இன்றும் நிற்பது இந்த அடித்தளத்தின் மேல்தான். ஆகவே உங்கள் நிறுவனம் மூலப்பொருள் வாங்கிய கடைக்காரருக்கோ, சாதாரண ஒப்பந்தத்தின்படி சேவை செய்தவருக்கோ பாக்கி வைத்திருந்தால், அவர்கள் நிறுவனத்தின் சொத்திலிருந்து கிடைப்பதைத்தான் எதிர்பார்க்க முடியும். பங்குதாரர் இழப்பது பங்கில் போட்ட பணத்தையும், பங்குத் தொகையில் செலுத்தாமல் வைத்திருக்கும் பாக்கியையும் மட்டுமே. மோசடி செய்த இயக்குநர் மீது வழக்கு வரும், சில வரிப் பாக்கிகளுக்கு இயக்குநரைப் பொறுப்பாக்கும் தனிச் சட்டங்களும் உண்டு. அவை வேறு கணக்கு. உங்கள் கேள்விக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

இந்தப் பாதுகாப்பு வங்கிக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான், சிறிய நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கும்போது அந்தச் சுவரைத் தாண்டி வர ஒரு வாசலை ஒப்பந்தத்தின் மூலம் திறந்துவைக்கச் சொல்கிறது. கடன் வாங்கிய நாளில் நீங்கள் கையெழுத்திட்ட தாள்களின் நகலை எடுத்துப் பாருங்கள். கடன் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் அச்சாகி, அதன் கீழே முத்திரையோடு "இயக்குநர்" என்று குறிப்பிட்ட இடத்தில் உங்கள் கையெழுத்து இருக்கும். அங்கே கை உங்களுடையது, கையெழுத்து நிறுவனத்தினுடையது. அந்தக் கட்டிலேயே இன்னொரு பத்திரம் இருக்கும். அதில் நிறுவன முத்திரை இருக்காது. உங்கள் பெயர், தந்தை பெயர், வீட்டு முகவரி, அதன் கீழே வெறும் கையெழுத்து. பல வங்கிகள் அதோடு உங்கள் சொந்தச் சொத்துப் பட்டியலையும் வாங்கி வைத்திருக்கும். அதுதான் உத்தரவாதப் பத்திரம். ஒரே மேசையில், ஒரே பேனாவால், ஒரே மணி நேரத்தில் போட்டவையாக இருந்தாலும், முதல் தாளில் பேசியது நிறுவனம், இரண்டாவது தாளில் பேசியது நீங்கள். விலகல் கடிதம் முதல் தாளில் கையெழுத்திடும் அதிகாரத்தை உங்களிடமிருந்து எடுத்துவிடுகிறது. இரண்டாவது தாளை அது தொடுவதே இல்லை.

இரண்டு பொறுப்புகளும் வேறு வேறு என்றாலும் அவை ஒன்றையொன்று ஒட்டியே நடக்கின்றன. உத்தரவாதம் துணை ஒப்பந்தம், நிறுவனத்தின் கடன் முதன்மை ஒப்பந்தம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாத வரையில், ஜாமீன்தாரரின் பொறுப்பு முதன்மைக் கடனாளியின் பொறுப்போடு சம அளவினது என்கிறது. அந்தச் சட்டத்தை ஒட்டி வந்த மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலும் இதே கருத்து உண்டு. நிறுவனம் 10 கட்டினால் உங்கள் பொறுப்பிலும் 10 குறையும், நிறுவனத்தின் மீது வட்டி ஏறினால் உங்கள் மீதும் ஏறும், பத்திரத்தில் உச்சவரம்பு எழுதியிருந்தால் மட்டும் அங்கே நிற்கும்.

ஆனால் அளவு சமம் என்பதற்கு வரிசை உண்டு என்று பொருளல்ல. "முதலில் நிறுவனத்திடம் கேளுங்கள், அதன் இயந்திரங்களை விற்றுப் பாருங்கள், மிச்சம் இருந்தால் என்னிடம் வாருங்கள்" என்று சொல்லும் உரிமை தங்களுக்கு இருப்பதாகவே பெரும்பாலான இயக்குநர்கள் நம்புகிறார்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 1968இல் பாங்க் ஆஃப் பீகார் வழக்கில் இந்த நம்பிக்கையை நேரடியாக எதிர்கொண்டது. முதன்மைக் கடனாளியிடம் வசூலிக்கும் வழிகளையெல்லாம் தீர்த்த பிறகே ஜாமீன்தாரரிடம் வரலாம் என்று கீழ் நீதிமன்றம் போட்டிருந்த நிபந்தனையை அது நீக்கியது. அப்படித் தள்ளிப்போட்டால் ஜாமீன் வாங்கியதன் நோக்கமே போய்விடும் என்பது காரணம். இங்கிலாந்து மரபிலும் இதுவே நிலை. இலங்கையில் ரோமன்-டச்சுச் சட்டத்தின் வழியாக, கடனாளியை முதலில் கேட்கச் சொல்லும் உரிமை ஜாமீன்தாரருக்கு இயல்பாகவே உண்டு. ஆனால் அந்த உரிமையைத் துறப்பதாக ஒரு வாசகத்தை உத்தரவாதப் பத்திரத்தில் சேர்த்துவிடுவது வழக்கம். ஆகவே எந்த நாட்டிலிருந்து நீங்கள் எழுதினாலும், வங்கி உங்களை முதலில் தேடி வந்தது முறையற்றது என்ற வாதத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

நிறுவனத்தின் நொடிப்பு உங்களைக் காப்பாற்றும் என்ற எண்ணமும் அப்படிப்பட்டதே. நொடிப்பு நடைமுறை தொடங்கியதும் நிறுவனத்தின் மீது வழக்குப் போடுவதற்குத் தடை வரும். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின் 14ஆம் பிரிவு அந்தத் தடையைத் தருகிறது. நிறுவனத்துக்காக ஜாமீன் கொடுத்தவருக்கு அந்தத் தடை பொருந்தாது என்று 2018இல் செய்த திருத்தம் தெளிவாகவே எழுதிவைத்தது. நிறுவனத்துக்குக் குடை, உங்களுக்கு இல்லை. அடுத்த கட்டமாக, யாரோ ஒருவர் நிறுவனத்தை வாங்கி, வங்கிக்கு நூற்றுக்கு 35 மட்டும் கொடுப்பதாக ஒரு தீர்வுத் திட்டம் அங்கீகாரம் பெறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் கடன் அத்துடன் தீர்ந்தது. அப்படியானால் அதை ஒட்டிய ஜாமீனும் தீர வேண்டாமா? கடன் கொடுத்தவரே கடனாளியை விடுவித்தால் ஜாமீன்தாரரும் விடுபடுவார் என்பது பொது விதி என்பதால், இது நியாயமான கேள்விதான். 2021 மே 21ஆம் தேதி லலித் குமார் ஜெயின் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. தீர்வுத் திட்டத்தில் நிறுவனம் விடுபடுவது கடன் கொடுத்தவரின் விருப்பச் செயலால் அல்ல, சட்டத்தின் இயக்கத்தால். ஆகவே திட்டம் அங்கீகாரம் பெற்றது என்பதனாலேயே ஜாமீன்தாரர் விடுபட மாட்டார். மிச்சம் 65ஐ வங்கி உங்களிடம் கேட்கலாம். முதன்மைக் கடனாளி வீழ்ந்த பிறகும் தாங்கி நிற்பதற்காகவே வாங்கிய கையெழுத்து, அவர் வீழ்ந்ததைக் காரணம் காட்டிக் கரைந்துவிடாது என்ற இந்தத் தர்க்கம் கடுமையானது. ஆனால் உள்முரண் இல்லாதது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஓவர்டிராஃப்ட் என்பது ஒருமுறை வாங்கித் தவணையாகக் கட்டும் கடன் அல்ல. தினமும் பணம் வரும், போகும், பாக்கி ஏறும், இறங்கும். அதற்குத் தரும் உத்தரவாதம் தொடர் உத்தரவாதம் எனப்படும். எந்த ஒரு நாளில் இருந்த பாக்கிக்கும் அல்லாமல், கடைசியில் நிற்கும் பாக்கிக்கு அது பொறுப்பேற்கிறது. நீங்கள் விலகிய பிறகு நண்பர் எடுத்த பணத்துக்கும் நீங்கள் எப்படிப் பொறுப்பாவீர்கள் என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது. அந்தத் தொடர்ச்சியை நிறுத்த ஒரு வழியும் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 130ஆம் பிரிவு, இனி நடக்கப்போகும் பரிவர்த்தனைகளைப் பொறுத்தவரை, தொடர் உத்தரவாதத்தைக் கடன் கொடுத்தவருக்கு அறிவிப்புக் கொடுத்து ஜாமீன்தாரர் திரும்பப் பெறலாம் என்கிறது. இங்கே "கடன் கொடுத்தவருக்கு" என்ற சொல்லைக் கவனியுங்கள். நிறுவனப் பதிவாளரிடம் விலகல் படிவம் தாக்கல் செய்ததும், இயக்குநர் குழு தீர்மானம் நிறைவேற்றியதும், பங்கு மாற்றம் பதிவானதும் இந்த அறிவிப்பு ஆகாது. வங்கி மேலாளரிடம் வாய்மொழியாகச் சொன்னதையும் நம்ப முடியாது. அவர் மாறுதலாகிப் போனபின் அந்தப் பேச்சுக்குச் சாட்சி இருக்காது.

திரும்பப் பெறும் உரிமையைப் பத்திரமே கட்டுப்படுத்தியிருக்கக்கூடும். மூன்று மாத முன்னறிவிப்பு வேண்டும் என்று சில பத்திரங்கள் சொல்லும், திரும்பப் பெறவே மாட்டேன் என்று சில பத்திரங்களில் எழுதியிருக்கும். பின்னதைப் போன்ற வாசகம் இருந்த ஒரு வழக்கில், ஜாமீன்தாரர் 130ஆம் பிரிவின் பயனைக் கோர முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2008இல் சீதா ராம் குப்தா வழக்கில் முடிவு செய்தது. எனவே சட்டப் பிரிவைப் படிப்பதற்கு முன்பே உங்கள் பத்திரத்தைப் படிப்பதுதான் சரியான வரிசை.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினால் இது தெளிவாகும். வட்டியை ஒதுக்கிவிடுகிறேன். ஓவர்டிராஃப்ட் வரம்பு 80 லட்சம், உங்கள் உத்தரவாதத்தின் உச்சவரம்பு 60 லட்சம் என்று கொள்வோம். நீங்கள் விலகிய நாளில் கணக்கின் பாக்கி 52 லட்சம். அதன்பின் நண்பர் அதே கணக்கில் 40 லட்சம் போட்டார், 45 லட்சம் எடுத்தார். வங்கி கணக்கை நிறுத்தியபோது பாக்கி 57 லட்சம்.

நீங்கள் வங்கிக்கு எந்த அறிவிப்பும் கொடுக்கவில்லை என்றால் கணக்கு எளிது. கடைசிப் பாக்கியான 57 லட்சமும் 60 லட்ச வரம்புக்குள் இருப்பதால், 57 லட்சத்துக்கும் நீங்கள் பொறுப்பு. விலகிய பிறகு கூடிய 5 லட்சமும் அதில் அடக்கம்.

விலகிய அன்றே திரும்பப் பெறும் கடிதம் வங்கியில் சேர்ந்துவிட்டது, அதற்குப் பத்திரத்தில் தடையும் இல்லை என்றால் உங்கள் பொறுப்பு 52 லட்சத்தில் உறைந்து நிற்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் அதுவும் அவ்வளவு நேரானதல்ல. ஓடும் கணக்கில் வரவு வைக்கும் பணம், வேறு ஏற்பாடு இல்லாதபோது, முதலில் ஏற்பட்ட பற்றை முதலில் தீர்க்கும் என்பது 1816ஆம் ஆண்டு கிளேட்டன் வழக்கிலிருந்து வரும் விதி. அந்த விதிப்படி, நண்பர் பின்னால் போட்ட 40 லட்சம் உங்கள் காலத்துப் பாக்கியான 52 லட்சத்தைத்தான் முதலில் தின்கிறது. எஞ்சுவது 12 லட்சம். பின்னால் எடுத்த 45 லட்சம் முழுக்கப் புதிய கடன், அது உங்கள் உத்தரவாதத்துக்கு வெளியே. 12ஐயும் 45ஐயும் கூட்டினால் அதே 57 வருவதைப் பார்க்கலாம். மொத்தப் பாக்கி மாறவில்லை, அதில் உங்கள் பங்கு மட்டும் 12 லட்சமாகச் சுருங்கிவிட்டது.

இந்த விதியை வங்கிகள் நன்றாக அறியும். அதனால் அச்சிட்ட பத்திரங்களில், உத்தரவாதத்தைத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தால் வங்கி நிறுவனத்தின் பெயரில் புதுக் கணக்கு தொடங்கலாம், தொடங்காவிட்டாலும் அன்றே தொடங்கியதாகக் கொள்ளப்படும் என்று ஒரு வாசகத்தைச் சேர்த்துவிடுகின்றன. அந்த வாசகம் உங்கள் பத்திரத்தில் இருந்தால், பின்னால் வந்த 40 லட்சமும் போன 45 லட்சமும் கற்பனையான அந்தப் புதுக் கணக்கில் சேரும். அங்கே பாக்கி 5 லட்சம், பழைய கணக்கில் 52 லட்சம் அப்படியே நிற்கும். நீங்கள் பொறுப்பாவது 52 லட்சத்துக்கு. ஒரே நிகழ்வுகள், ஒரே 57 லட்சம். ஒரு கடிதமும் ஒரு வாசகமும் சேர்ந்து உங்கள் பொறுப்பை 57 என்றோ 52 என்றோ 12 என்றோ தீர்மானிக்கின்றன. வங்கி நோட்டீஸில் எந்தத் தொகை எழுதியிருந்தாலும், விலகிய நாளிலிருந்து கணக்கு நிறுத்தப்பட்ட நாள்வரை முழு வரவுசெலவு விவரத்தைக் கேட்டு வாங்காமல் நீங்கள் அதற்குப் பதில் எழுதக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

உங்களுக்குச் சாதகமாக இருக்கக்கூடிய இன்னொரு இடமும் உண்டு. நீங்கள் விலகிய பிறகு வங்கியும் நிறுவனமும் உங்களைக் கேட்காமல் கடனின் நிபந்தனைகளை மாற்றியிருந்தால், உதாரணமாக 80 லட்ச வரம்பை 120 லட்சமாக்கி வட்டி விகிதத்தையும் உயர்த்தியிருந்தால், நீங்கள் ஒப்புக்கொண்ட கடன் அதுவல்ல என்ற வாதம் பிறக்கிறது. இங்கிலாந்தில் 1878ஆம் ஆண்டின் ஹோம் எதிர் பிரன்ஸ்கில் வழக்கிலிருந்து, முக்கியமான மாற்றம் ஜாமீன்தாரரை முழுமையாகவே விடுவிக்கும் என்பது விதி. இந்தியச் சட்டத்தின் 133ஆம் பிரிவு அந்த அளவுக்குப் போகாமல், மாற்றத்துக்குப் பிந்தைய பரிவர்த்தனைகளைப் பொறுத்து மட்டும் விடுவிக்கிறது. வங்கியின் செயலால் அடமானம் கைநழுவியிருந்தால், உதாரணமாக இயந்திரங்களை விற்றுப் பணத்தை வேறு செலவுக்கு எடுத்துக்கொள்ள வங்கி நண்பருக்கு அனுமதி தந்திருந்தால், அந்த இயந்திரங்களின் மதிப்பு அளவுக்கு உங்கள் பொறுப்பு குறையும் என்பது 141ஆம் பிரிவு. ஆனால் இவை இரண்டும் ஒப்பந்தத்தால் விட்டுக்கொடுக்கக்கூடிய உரிமைகள். "எனக்கு அறிவிக்காமலே வங்கி வரம்பை மாற்றலாம், அவகாசம் தரலாம், அடமானத்தை விடுவிக்கலாம், அதனால் என் பொறுப்பு குறையாது" என்ற நீண்ட வாக்கியம் உங்கள் பத்திரத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். இருந்தால், இந்த வாதங்களில் பெரும்பகுதி மங்கிவிடும். அப்போதும் 60 லட்ச உச்சவரம்பு நிற்கும். வரம்பை 120 லட்சமாக்கியதால் உங்கள் உச்சவரம்பு தானாக உயராது, அதை உயர்த்த உங்கள் புதிய கையெழுத்து வேண்டும். இந்த உச்சவரம்புக்கு மேல், வங்கி உங்களிடம் கோரிய நாளிலிருந்து வட்டி சேரும் என்று தனியாக எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கொடுத்த பணம் திரும்ப வருமா என்பதிலும், நிறுவனத்தின் பொறுப்புக்கும் உங்கள் பொறுப்புக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. நிறுவனம் கடனைக் கட்டினால் கடன் அழிந்தது, கதை முடிந்தது. நீங்கள் கட்டினால் வங்கியைப் பொறுத்தவரையில்தான் கடன் தீர்கிறது, நிறுவனத்தைப் பொறுத்தவரையில் அது தீரவில்லை. அடுத்தவருடைய கடனைக் கட்டியவர் என்ற முறையில் நீங்கள் வங்கியின் இடத்தில் போய் நிற்கிறீர்கள். மேலே சொன்ன முதல் நிலையில், நீங்கள் 57 லட்சத்தையும் கட்டிவிட்டீர்கள், பிறகு கலைப்பாளர் அடமான இயந்திரங்களை விற்றதில் வங்கிக்கென 20 லட்சம் வந்தது என்றால், அந்த 20 லட்சம் உங்களுக்கு உரியது. மாறாக, நீங்கள் கட்டுவதற்கு முன்பே வங்கி அந்த 20 லட்சத்தைப் பெற்றுவிட்டால், உங்களிடம் கேட்கக்கூடியது 37 லட்சம் மட்டுமே. எந்த வழியில் வந்தாலும் வங்கி மொத்தத்தில் 57 லட்சத்துக்கும் உரிய வட்டிக்கும் மேல் பெற முடியாது. இந்தியாவில் கலைப்புக்குப் பதிலாகத் தீர்வுத் திட்டத்தில் நிறுவனம் கைமாறினால், நிறுவனத்திடம் திரும்பக் கேட்கும் உங்கள் உரிமையை அந்தத் திட்டமே இல்லாமல் செய்துவிடக்கூடும். எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. ஜாமீன்தாரரின் கடமை நிற்கிறது, அவருடைய உரிமை மட்டும் அழிகிறது என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் இன்றைய சட்டம் அதுதான், அதை மனத்தில் வைத்தே நீங்கள் கணக்குப் போட வேண்டும்.

நண்பரும் அதே கடனுக்கு ஜாமீன் கொடுத்திருக்கிறார். வங்கி உங்கள் இருவரில் யாரிடமும் முழுத் தொகையைக் கேட்கலாம், பெரும்பாலும் சொத்து வெளிப்படையாக இருப்பவரைத்தான் தேடி வரும். ஆனால் உங்களுக்குள், இருவரும் ஒரே வரம்புக்கு ஜாமீன் நின்றிருந்தால் சுமை சரிபாதி. நீங்கள் 57 கட்டினால் இருபத்தெட்டரை லட்சத்தை அவரிடம் கேட்க உரிமை உண்டு. பங்கு விற்பனை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். அதில் நிறுவனக் கடன்களால் உங்களுக்கு வரும் எந்த இழப்பையும் தான் ஈடுசெய்வதாக நண்பர் எழுதியிருந்தால், பாதி அல்ல, முழுவதையும் அவரிடம் கேட்கலாம். அந்த வாக்கு அவருக்கும் உங்களுக்கும் இடையே மட்டுமே செல்லும். அதை வங்கியிடம் காட்டி "அவரைக் கேளுங்கள்" என்று சொல்ல முடியாது. அவரும் நொடித்திருந்தால் அந்தத் தாளின் மதிப்பு அவரிடம் எஞ்சியிருக்கும் சொத்தின் அளவுதான். பங்குகளை விற்கும் நாளில் வங்கியிடமிருந்து விடுவிப்புக் கடிதம் வாங்கி, அதைக் கையில் பெற்ற பிறகே பங்கு மாற்றப் படிவத்தில் கையெழுத்திடுவதுதான் முறை. அந்த நாளில் உங்கள் பங்கு அவருக்குத் தேவைப்பட்டது, அதனால் வங்கியிடம் மாற்று ஜாமீன் ஏற்பாடு செய்ய அவருக்கும் அக்கறை இருந்திருக்கும். விற்று முடித்த பின் அந்த அக்கறையை எதிர்பார்க்க முடியாது. விடுவிப்புக் கடிதத்தில் "இனிமேல் எழும் கடன்களிலிருந்து" என்று மட்டும் இருந்தால் அது மேலே சொன்ன திரும்பப் பெறுதலுக்குச் சமம். "இதுவரை எழுந்த, இனி எழும் எல்லாப் பொறுப்பிலிருந்தும்" என்று இருந்தால்தான் அது முழு விடுதலை. உங்களிடம் ஏதாவது கடிதம் இருந்தால் இந்தச் சொற்களை முதலில் தேடுங்கள்.

இப்போது கையில் இருக்கும் நோட்டீஸுக்கு வருவோம். கோரிக்கையின் பேரில் கொடுக்கத்தக்க உத்தரவாதத்தில், பொதுவாக வங்கி வழக்குப் போடுவதற்கான காலவரையறை தொடங்குவது நிறுவனம் தவறிய நாளில் அல்ல, உங்களிடம் கோரிய நாளில். தொடர் உத்தரவாதம் ஒன்றில் இந்திய உச்ச நீதிமன்றம் 2006இல் சன்னவீரப்பா பெலேரி வழக்கில் அவ்வாறே முடிவு செய்தது. இந்தியாவில் அந்தக் காலம் மூன்று ஆண்டுகள். இங்கிலாந்தில் சாதாரண ஒப்பந்தமாக இருந்தால் ஆறு, டீட் எனப்படும் முறைசார் பத்திரமாக நிறைவேற்றியிருந்தால் பன்னிரண்டு. ஆகவே நிறுவனம் தவறி நாளாகிவிட்டது என்பதை மட்டும் நம்ப வேண்டாம். அதே சமயம், பழைய கோரிக்கை ஒன்று ஏற்கெனவே உங்கள் பழைய முகவரிக்கு வந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது பயனுள்ளது, அந்த நாளிலிருந்து காலம் ஓடத் தொடங்கியிருக்கலாம்.

வங்கிக்கு எழுதும் முதல் கடிதத்தில் பொறுப்பை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். நீங்கள் கையெழுத்திட்ட உத்தரவாதப் பத்திரத்தின் நகல், உங்கள் விலகல் நாளிலிருந்து இன்றுவரை கணக்கு விவரம், அந்த நாளுக்குப் பிறகு நிறுவனத்துக்கு வழங்கிய அனுமதிக் கடிதங்கள், அடமானச் சொத்துகளின் இன்றைய நிலை, நொடிப்பு நடைமுறையில் வங்கி தாக்கல் செய்த கோரிக்கைத் தொகை ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். இதற்கு முன் விலகல் குறித்து வங்கிக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல், பதிவுத் தபால் ரசீது எதுவும் கிடைத்தால் அதன் தேதிதான் மேலே போட்ட கணக்கில் 57ஐ வேறு எண்ணாக மாற்றக்கூடியது. எதுவும் அனுப்பவில்லை என்றால், கணக்கில் இன்னும் பணம் எடுக்கும் வாய்ப்பு சிறிதளவாவது இருக்கும்வரை, பத்திரம் அனுமதிக்கும் முறையில் இன்றே திரும்பப் பெறும் அறிவிப்பை அனுப்பிவிடுங்கள். "பாக்கி இவ்வளவு என்று தெரியும், அவகாசம் தாருங்கள்" என்று எழுதும் கடிதமும், நல்லெண்ணத்துக்காகச் செலுத்தும் சிறு தொகையும், காலவரையறையை மீண்டும் முதலிலிருந்து தொடங்கச் செய்யக்கூடியவை. ஆவணங்களை ஒரு வழக்கறிஞர் பார்த்துத் தொகையை உறுதி செய்யும்வரை இவ்விரண்டையும் தவிருங்கள். தொகை உறுதியான பிறகு, வங்கியுடன் ஒரே தவணைத் தீர்வு பேசுவதானால், அந்தத் தீர்வு உங்கள் உத்தரவாதத்தை மட்டும் முடிக்கிறதா, நண்பரிடம் பங்கு கேட்கும் உங்கள் உரிமையைத் தொடாமல் விடுகிறதா என்பதைத் தீர்வுக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.